நேர்காணலுக்கு வருகை உறுதி: தரக்கட்டுப்பாட்டு உதவியாளர் பணி

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

மாம்பழக்கூழ் ஆலைப் பணிக்கான நேர்காணல் அழைப்பு கிடைத்தது, மிக்க நன்றி. வியாழன் காலை 10 மணிக்குத் தவறாமல் வருகிறேன்.

அழைப்பில் கிருஷ்ணகிரி அலுவலகம், காவேரிப்பட்டணம் ஆலை என இரண்டு முகவரிகள் உள்ளன. எங்கே வர வேண்டும்? தருமபுரியிலிருந்து பஸ்ஸில் வருவதால், ஆலை என்றால் காவேரிப்பட்டணத்திலேயே இறங்கிவிடுவேன்.

நேர்முகக் கேள்விகள் மட்டுமா, ரிஃப்ராக்டோமீட்டரில் பிரிக்ஸ் பார்ப்பது, பி.எச். அளப்பது போன்ற செய்முறைத் தேர்வும் உண்டா? உண்டெனில் ஆய்வகக் கோட்டுடன் வருகிறேன்.

பட்டமளிப்பு விழா இன்னும் நடக்கவில்லை. புரொவிஷனல் சான்றிதழும் ஆறு செமஸ்டர் மதிப்பெண் பட்டியலும் போதுமா? அசல்களைச் சரிபார்த்து அன்றே திருப்பித் தருவீர்களா? மேற்படிப்பு விண்ணப்பத்துக்கும் அவை தேவை. சுயகையொப்பமிட்ட நகல்கள் இரண்டு செட் கொண்டுவருகிறேன்.

புதன் மதியத்துக்குள் பதில் கிடைத்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
கவிதா, தருமபுரி