ஓலைப் பெட்டிக்கு முதல் படம்

அக்கா, தங்கச்சி எல்லோருக்கும் வணக்கம்.

உங்கள் கொட்டான், மூடிப் பெட்டி, கிலுகிலுப்பை எல்லாவற்றையும் பார்த்தேன். குருத்தோலையில் இவ்வளவு நெருக்கமாகப் பின்னுவது லேசான வேலை இல்லை. இதையே சந்தையில் வைத்தால், வாங்க வருகிறவர் மூடியைத் திறந்து பார்ப்பார், அடியைத் திருப்புவார், பின்னல் இறுக்கமா என்று விரலால் அழுத்துவார். சென்னையில் உட்கார்ந்து போனில் பார்க்கிறவருக்கு அந்த வசதி கிடையாது. அவருடைய கை செய்கிற வேலையை நம் படம் செய்ய வேண்டும்.

அதனால் ஒரு பெட்டிக்கு ஒரு படம் போதாது. முழுப் பெட்டி, மூடி திறந்த உட்புறம், அடிப்பக்கம், பின்னல் கிட்டத்தில், அப்புறம் ஒருவர் கையில் பிடித்தபடி ஒன்று. கையோடு பார்த்தால்தான் அளவு புரியும். உயரம், அகலத்தை ஸ்கேலால் அளந்து கூடவே எழுதிவிடுங்கள். பெரிய பெட்டி என்று நினைத்து வாங்கியவருக்குச் சின்னது போய்ச் சேர்ந்தால், திருப்பி அனுப்புகிற செலவு பெரும்பாலும் நம் தலையில்தான் விழும்.

வெளிச்சத்துக்குக் காசு கொடுக்க வேண்டாம். ஜன்னலை ஒட்டி மேசையைப் போடுங்கள். நேர் வெயில் பெட்டி மேல் விழக்கூடாது. டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள், பிளாஷும் வேண்டாம். இரண்டு வெளிச்சம் கலந்தால் சாயம் போட்ட ஓலையின் நிறம் மாறித் தெரியும். ஜன்னல் பெட்டிக்குப் பக்கவாட்டில் இருக்கட்டும். பக்கத்தில் இருந்து வெளிச்சம் வரும்போதுதான் ஒவ்வொரு இழைக்கும் மெல்லிய நிழல் விழுந்து பின்னல் எடுப்பாகத் தெரியும். நேர் எதிரில் இருந்து வந்தால் எல்லாம் தட்டையாகிவிடும். மறுபக்கம் ரொம்ப இருட்டாக இருந்தால் அங்கே ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையை நிறுத்துங்கள்.

பின்னணிக்கு ஒரு வெள்ளைச் சார்ட் போதும். சுவரில் ஒட்டி, மடிப்பு விழாமல் வளைத்து மேசை வரை இறக்குங்கள். அமேசானில் போடுவதாக இருந்தால் முதல் படத்துக்குச் சுத்தமான வெள்ளைப் பின்னணிதான் கேட்பார்கள், பொருள் படத்தில் 85 சதவீதம் நிறைந்திருக்க வேண்டும், படத்தின் மேல் எழுத்து கூடாது. வாட்ஸ்அப்பில் விற்பவர்களும் இதே பழக்கத்தில் தொடங்குவது நல்லது.

போன் லென்ஸைப் பருத்தித் துணியால் துடைத்துக்கொள்ளுங்கள். சமையல் கை பட்ட லென்ஸில் எல்லாம் மங்கலாகத்தான் விழும். ஜூம் செய்யாமல் நீங்களே கிட்டே போங்கள். திரையில் பெட்டியைத் தொட்டு, தெளிவானதும் எடுங்கள். நீட்டிக்கொண்டிருக்கும் ஓலை நுனியை முதலிலேயே நறுக்கிவிடுங்கள். ஃபில்டர் மட்டும் போடவே வேண்டாம். சிவப்பு ஓலை படத்தில் எப்படியோ, பார்சலிலும் அப்படியே இருக்க வேண்டும். குழுத் தலைவிக்கு அனுப்பும்போது டாக்குமெண்டாக அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் படத்தின் தரத்தைக் குறைத்துவிடும்.

சரி, அந்த மூடிப் பெட்டியில் தொடங்குவோம். சார்ட் பிடிக்க ஒருவர் வாங்க, ஜன்னல் பக்கம் இருக்கிறவர்கள் கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள்.