இருபது நிமிடம்

முதலாண்டு மாணவர்களை நோயாளிகள் பக்கம் அழைத்துச் செல்லும் வகுப்பு வாரம் ஒரு நாள். அந்த வாரம் எங்கள் குழுவுக்கு எக்ஸ்ரே துறை. மற்ற ஐந்து பேரும் ஸ்கேன் அறையை வேடிக்கை பார்க்கப் போய்விட்டார்கள். ரோல் நம்பர் வரிசையில் கடைசியாக நின்ற என்னை மட்டும் மேடம், படம் பார்க்கும் அறைக்குள் கூப்பிட்டார்.

ஜன்னலில் கறுப்புத் துணி. சுவரில் மூன்று வியூ பாக்ஸ்கள். அதில் ஒன்று எரியாது. மூலையில் ஓயாமல் முனகும் ஏசி. டெக்னீஷியன் அண்ணன் காக்கி உறைகளை மேசையில் அடுக்கிவைத்துவிட்டுப் போனார். மேடம் மேலே இருந்த உறையிலிருந்து நெஞ்சுப் படம் ஒன்றை உருவி விளக்கில் செருகினார்.

"பார்."

பார்த்தேன். மூன்று விநாடி இருக்கும். படத்தில் நம் இடக்கைப் பக்கம் இருப்பது நோயாளியின் வலப்பக்கம் என்பது மட்டும் எனக்குத் தெரியும். அந்தப் பக்கம் கீழே புகைபோல் வெளுப்பு. மறுபக்கம் தெளிவான கறுப்பு. போன மாதம்தான் சீனியர் ஒருவர் விடுதியில் கைபேசியில் நிமோனியாப் படம் காட்டியிருந்தார்.

"வலது கீழ்ப்பகுதியில் நிமோனியா, மேடம்."

"நோயாளியின் பெயர் என்ன?"

நான் படிக்கவில்லை. வயதையும் பார்க்கவில்லை.

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். சுவர்க் கடிகாரத்தைத்தான் காட்டினார். "என் ஆசிரியருடைய ஆசிரியர் காலத்தில், நோயாளியைத் திரைக்குப் பின்னால் நிறுத்தி இருட்டில் பார்ப்பார்கள். அதற்கு முன் சிவப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு காத்திருப்பார்கள். கண் இருட்டுக்குப் பழகவே இருபது நிமிடம் ஆகும். இப்போது அந்தக் கண்ணாடி தேவையில்லை. ஆனால் உனக்கு இருபது நிமிடம் தருகிறேன். இந்த ஒரு படம்தான்." சொல்லிவிட்டு அடுத்த விளக்குக்கு நகர்ந்து தன் வேலையைத் தொடங்கிவிட்டார்.

முதல் ஐந்து நிமிடம் நரகம். படத்தில் எனக்குச் சொல்வதற்கு எதுவும் மிச்சமில்லை. பெயர் படித்தேன். பெண். வயது 54. நேற்றைய தேதி. கோரிக்கைச் சீட்டில் 'இருமல்' என்று ஒரே சொல். பிறகு வெள்ளையையே முறைத்தேன். முறைக்க முறைக்க அது பெரிதாகிக்கொண்டே போனது.

"ஆள் நேராக நின்றிருக்கிறாரா?" மேடம் திரும்பாமலே கேட்டார்.

"எப்படிக் கண்டுபிடிப்பது, மேடம்?"

"காறை எலும்பு இரண்டின் உள்முனைகளும் நடுவிலிருக்கும் முதுகெலும்பு முள்ளிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். கொஞ்சம் திரும்பி நின்றாலும் ஒரு பக்கம் கறுத்துவிடும்."

அளந்தேன். நேராகத்தான் நின்றிருக்கிறார். மூச்சை நன்றாக இழுத்திருக்கிறாரா என்றும் கேட்டார். பின்பக்க விலா எலும்புகளை உதரவிதானம் வரை எண்ணச் சொன்னார். பத்து வந்தது. நல்ல மூச்சு. அப்படியானால் இந்த வெள்ளை?

வெள்ளையின் கீழ்க்கரையைத் தொடர்ந்து போனேன். வளைந்து, நுரையீரலைத் தாண்டி, விலாக்கூட்டுக்கும் வெளியே போயிற்று. நிமோனியா எலும்புக்கூட்டை விட்டு வெளியே போகுமா? அப்போதுதான் அது என்னவென்று தெரிந்தது. காது சூடானது. படம் ஒரு பெண்ணுடையது என்று தெரிந்ததிலிருந்தே என் கண் அந்த இடங்களை மரியாதையாகத் தாண்டிப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. உடலறுப்புக் கூடத்தில் ஆறு மாதமாகக் கத்தி பிடிப்பவனுக்கு, ஒரு நிழலைப் பார்க்கக் கூச்சம்.

"மேடம், வலப்பக்க வெளுப்பு நுரையீரலில் இல்லை. அது..." தொண்டையைச் செருமினேன். "மார்பகத்தின் நிழல்."

"சரி. இடப்பக்கம்?"

தேடினேன். அந்த வளைகோடு அங்கே இல்லை. தெளிவு என்று நான் பாராட்டிய கறுப்பு, மேலே மூடியிருக்க வேண்டிய ஒன்று இல்லாததால் வந்த கறுப்பு. இடது அக்குள் பக்கம் அரிசி நுனி அளவில் நான்கைந்து பளீர் வெள்ளைக் கீற்றுகள். அறுவை சிகிச்சையில் வைத்த உலோகக் கிளிப்புகள் என்றார் மேடம். அந்த மார்பகத்தை என்றைக்கோ எடுத்துவிட்டிருக்கிறார்கள். சீட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இருமல், அவ்வளவுதான். நோய் என்று நான் சொன்னது நலமாக இருந்த பக்கத்தை.

"இன்னும் எட்டு நிமிடம் இருக்கிறது" என்றார்.

இனி என்ன? மூச்சுக்குழாய் நடுவில். இதயம் அளவாக. இதயத்துக்குப் பின்னாலும் பார்க்கச் சொன்னார். அங்கும் நுரையீரல் இருக்கிறது என்பது அதுவரை எனக்கு உறைத்ததில்லை. காறை எலும்புகளுக்கு மேலே நுரையீரல் உச்சிகள் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

பிறகு எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். விடுதியில் என் கட்டிலுக்கு அடியில், சீனியரிடம் வாங்கிய எலும்புப் பெட்டி இருக்கிறது. விலா எலும்பைக் கண்ணை மூடிக்கொண்டு கையில் எடுத்து, மேல் விளிம்பு எது, கீழ் விளிம்பு எது, இடமா வலமா என்று சொல்லும் விளையாட்டு எங்கள் அறையில் தினமும் நடக்கும். தோற்றவன் டீ வாங்க வேண்டும். அதே போல, படத்தைத் தொடாமல் விரலை ஒரு அங்குலம் தள்ளிவைத்து, ஒவ்வொரு விலா எலும்பின் மேல் விளிம்பிலும் பின்னாலிருந்து முன்னே வந்தேன். வலப்பக்கம் முடிந்தது. இடப்பக்கம் ஒன்று, இரண்டு, மூன்று. ஆறாவதில், முதுகைத் தாண்டி வளையும் இடத்தில் விரல் நின்றுவிட்டது.

கோடு போய்க்கொண்டிருந்தது, போகவில்லை, பிறகு மறுபடி போயிற்று. நடுவே சுண்டுவிரல் நகத்தின் அகலத்துக்கு விளிம்பு இல்லை, ஈர விரலால் தேய்த்து அழித்தாற்போல.

திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஐந்தாவது முழுதாக இருந்தது. ஏழாவதும். வலப்பக்கத்து ஆறாவதும்.

"மேடம், இடது ஆறாவது விலா எலும்பில்..." சொல்லும்போது குரல் இறங்கியது.

அவர் எழுந்து வந்தார். மேசை இழுப்பறையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து அந்த இடத்தில் வைத்து வெகுநேரம் குனிந்திருந்தார். அவர் அதை முன்பே பார்த்துவிட்டிருந்தாரா என்பதை இன்றுவரை நான் கேட்டதில்லை.

"இது என்ன என்று படம் மட்டும் சொல்லாது. சிடி ஸ்கேன் எடுக்க வேண்டும். பழைய அறிக்கைகளும் வேண்டும்." பேனாவைத் திறந்து எழுதத் தொடங்கினார். "வெளியே இருக்கிறாரா பார். பழைய சீட்டுகள் கொண்டுவந்திருந்தால் வாங்கி வா. படத்தைப் பற்றி நீ ஒன்றும் சொல்லாதே."

வெளிச்சத்துக்கு வந்ததும் கண் கூசியது. வராந்தாவில் இருந்தது முதுகு சாய வசதியில்லாத சிமென்ட் பெஞ்ச். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். ஓரமாக உட்கார்ந்திருந்தவர் எழுந்தார். முந்தானையை இடது தோளில் இரண்டு சுற்றாக இழுத்துச் செருகியிருந்தார். மஞ்சள் பையில் பழைய சீட்டுகள் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருந்தன.

"படத்தில் ஒன்றும் இல்லையே, தம்பி?"

"மேடம் பார்த்துக்கொண்டிருக்கிறார், அம்மா." சொல்லிவிட்டு நகர்ந்திருக்கலாம். "இருமல் எத்தனை நாளாக?"

"இருமல் பத்து நாள்தான். அதற்கென்ன, போய்விடும்." பையை மடியில் வைத்துக்கொண்டார். "இருமும்போதுதான் முதுகுப் பக்கம் பிடித்துக்கொள்கிறது. இரண்டு மாதமாக இந்தப் பக்கம் படுக்க முடிவதில்லை." இடது கையைப் பின்னால் கொண்டுபோய்த் தொட முயன்றார். கை அந்த இடம் வரை எட்டவில்லை.

"அதை டாக்டரிடம் சொன்னீர்களா?"

"அவர் இருமல் எத்தனை நாள் என்று மட்டும்தான் கேட்டார்."

உள்ளே வந்து சீட்டுகளை மேசையில் வைத்தேன். "இடப்பக்கம் படுக்க முடியவில்லையாம், மேடம். இரண்டு மாதமாக."

மேடத்தின் பேனா நின்றது. அந்த வரியையும் அறிக்கையில் சேர்த்து எழுதினார்.

"அவரை உள்ளே வந்து இந்த நாற்காலியில் உட்காரச் சொல்" என்றார். "வெளியே சாய்ந்துகொள்ள இடமில்லை."