வேளச்சேரி கடையில் கையிருப்பில் உள்ள வாட்டர் ப்யூரிஃபையர்கள்: எந்தத் தண்ணீருக்கு எது, வருடச் செலவு எவ்வளவு

ஆர்.ஓ. + யு.வி., 8 லிட்டர் டேங்க், ரூ. 11,500

போர் தண்ணீர், லாரி தண்ணீர், இரண்டும் கலந்து வரும் அபார்ட்மெண்ட் தொட்டி. இவற்றுக்கான மெஷின் இது. தண்ணீரில் கரைந்துள்ள உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். 2000 வரை எடுக்கும். உப்பைக் குறைப்பது ஆர்.ஓ. மெம்பிரேன், கிருமிக்கு யு.வி. விளக்கு. மணிக்கு 10 லிட்டருக்கு மேல் வடிகட்டும், கரண்ட் வேண்டும்.

குடிக்கும் தண்ணீர் ஒரு லிட்டர் கிடைக்க, இரண்டு மூன்று லிட்டர் கழிவாக வெளியே போகும். அதை வாளியில் பிடித்துத் தரை துடைக்கலாம், கழிவறைக்கு ஊற்றலாம். செடிக்கு வேண்டாம், உப்பு அதிகம்.

மாற்றும் செலவு: வெளியே மாட்டும் ப்ரீ-ஃபில்டர் ரூ. 150, மூன்று மாதத்துக்கு ஒரு முறை. செடிமெண்ட், கார்பன் செட் ரூ. 900, யு.வி. விளக்கு ரூ. 450, இரண்டும் வருடத்துக்கு ஒரு முறை. மெம்பிரேன் ரூ. 1,800, சுமார் இரண்டு வருடம் வரும். சராசரியாக வருடத்துக்கு ரூ. 2,850, ஆள் வந்தால் ஒவ்வொரு முறையும் ரூ. 300 தனி. உப்பு கடுமையான போர் என்றால் மெம்பிரேன் சீக்கிரமே போய்விடும். குழாயில் செம்மஞ்சள் கறை படிகிறதா? இரும்புச் சத்து இருக்கலாம். முதலில் அதற்கான வடிகட்டியைப் போடுங்கள், இல்லாவிட்டால் மெம்பிரேனுக்குப் போட்ட காசு வீண்.

யு.வி. + யு.எஃப்., 7 லிட்டர் டேங்க், ரூ. 7,200

மெட்ரோ வாட்டர் மட்டும் வரும் வீட்டுக்கு, டி.டி.எஸ். 300-க்குள் இருந்தால் இதுவே போதும். ஆர்.ஓ.தான் உசத்தி என்று பலர் கேட்டு வருகிறார்கள். இந்தத் தண்ணீருக்கு அது வீண் செலவு, தண்ணீரும் கழிவாகப் போகும். குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஏற்கும் அளவே 500 தான். கிருமிக்கு யு.வி. விளக்கு, நுண்ணிய அழுக்கை வடிகட்ட யு.எஃப். மெம்பிரேன். உப்பை இது குறைக்காது, சுவையும் மாறாது. கலங்கலாக வரும் தண்ணீரில் யு.வி. சரியாக வேலை செய்யாது என்பதால் ப்ரீ-ஃபில்டரைத் தவறாமல் மாற்றுங்கள். ப்ரீ-ஃபில்டர், கார்பன், விளக்கு மூன்றும் சேர்த்து வருடத்துக்கு ரூ. 1,700. யு.எஃப். மெம்பிரேன் ரூ. 800, இரண்டு வருடத்துக்கு ஒரு முறை.

யு.எஃப்., கரண்ட் தேவையில்லை, மேலே 8 + கீழே 8 லிட்டர், ரூ. 2,400

மேலே ஊற்றினால் கீழே வடியும். மெட்ரோ வாட்டருக்கு மட்டும். வாடகை வீட்டுக்காரர்கள் அதிகம் வாங்குவது, சுவரில் ஓட்டை போட வேண்டாமே. கார்ட்ரிட்ஜ் ரூ. 650, 1,500 லிட்டர் வரை. தினம் 10 லிட்டர் என்றால் ஐந்து மாதம்.

எது என்று சந்தேகமா? சமையலறைக் குழாயிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டு வாருங்கள், டி.டி.எஸ். இலவசமாகப் பார்த்துச் சொல்கிறோம். தெருக் குழாயில் பிடித்தது உதவாது, தொட்டியில் போர் தண்ணீர் கலந்திருக்கும். கோடையில் லாரி வாங்குபவர்கள் அந்தத் தண்ணீரையும் தனியாகக் கொண்டு வாருங்கள்.

மெஷினுக்கு ஒரு வருட வாரண்டி. ஃபில்டர், மெம்பிரேன், விளக்கு அதில் சேராது. வேளச்சேரி, மடிப்பாக்கம், தரமணி பகுதிகளில் இலவசமாக மாட்டித் தருகிறோம். மற்ற இடங்களுக்கு ரூ. 400.