கணக்கு டீச்சரின் நினைவுப் பரிசு: பித்தளைத் தகட்டில் பொறிக்க வேண்டிய இரண்டு வரிகள்

குறிஞ்சி மும்முறை பூத்த காலமெல்லாம் கூட இருந்த கணக்கு டீச்சருக்கு
மேல்மலைப் பிள்ளைகளும் பெற்றோரும் · 1993 – 2025

அய்யா, தகட்டில் ஏற வேண்டியது இவ்வளவுதான். ‘அன்பளிப்பு’, ‘பணி நிறைவு விழா’ என்று மேலே எதுவும் சேர்க்க வேண்டாம். குத்துவிளக்கு, திறந்த புத்தகம், பூ எதுவும் வேண்டாம். கணினியில் தயாராக இருக்கும் பூப்படங்களில் குறிஞ்சி இருக்காது. ரோஜாவையோ தாமரையையோ போட்டால் முதல் வரியே பொய்யாகிவிடும்.

‘மும்முறை’ என்பதை ‘பலமுறை’ என்று மாற்றிவிடாதீர்கள். கொடைக்கானல் மலையில் நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறைதான் பூக்கிறது. டீச்சர் பணியில் இருந்த காலத்தில் 1994, 2006, 2018 என மூன்று பூப்பு. அவர் சொல்லித் தந்த பாடத்தில் கணக்குத் தவறக் கூடாது. ‘டீச்சர்’ என்பதும் தெரிந்தே எழுதியது. மேல்மலையில் அவரை யாரும் ‘ஆசிரியை’ என்று கூப்பிட்டதில்லை.

தகடு 280 × 70 மி.மீ., கனம் 1.5 மி.மீ. முதல் வரியில் ‘க’ எழுத்தின் உயரம் 5 மி.மீ., இரண்டாவதில் 4 மி.மீ. இரண்டு வரியும் நடுவில் நிற்கட்டும். முதல் வரி நீளம் என்பதால் மூன்றாவது வரிக்கு உடைக்கத் தோன்றும். உடைக்க வேண்டாம், எழுத்தை அரை மி.மீ. குறைத்துக்கொள்ளலாம். பக்கவாட்டில் நெருக்கி ஒடுக்குவது மட்டும் கூடாது. ‘ண’வின் சுழிகள் ஒட்டிக்கொண்டு கறுப்பு மை ஏறியதும் கட்டியாகத் தெரியும்.

எழுத்துகளை யூனிகோடில் அனுப்பியிருக்கிறோம். பழைய வடிவமைப்பு மென்பொருளில் ஒட்டினால் ‘ெ’, ‘ே’ கொம்புகள் எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். அதனால் எழுத்துகளைக் கோட்டு வடிவமாக மாற்றிய பி.டி.எஃப். கோப்பும் சேர்த்திருக்கிறோம், அதையே பயன்படுத்துங்கள், மறுபடி தட்டச்சு செய்ய வேண்டாம்.

பொறிக்கும் முன் தாளில் அதே அளவில் ஓர் அச்சுப் படி எடுத்து, அதைப் படம் பிடித்து அனுப்புங்கள். நாங்கள் பார்க்கப் போவது இவை: ‘குறிஞ்சி’யிலும் ‘முறை’யிலும் வல்லின ‘றி’, ‘றை’. ‘மெல்’, ‘பெற்’ இரண்டிலும் மேல்சுழி இல்லாத ஒற்றைக் கொம்பு. ‘மேல்’, ‘றோ’ இரண்டிலும் மேல்சுழி உள்ள இரட்டைக் கொம்பு. 4 மி.மீ. எழுத்தில் அந்தச் சுழிதான் முதலில் காணாமல் போகும். புள்ளிகள் முதல் வரியில் 9, இரண்டாவதில் 6, ஆக மொத்தம் 15. எண்ணிப் பாருங்கள். ‘மேல்மலைப்’ என்பதன் கடைசி ‘ப்’பை விட்டுவிடுவது வழக்கமாக நடக்கும் பிழை.

பூச்சில்லாத பித்தளையை மரம், அக்ரிலிக் வெட்டும் கார்பன் டை ஆக்சைடு லேசர் பிடிக்காது. ஃபைபர் லேசரில் செய்யுங்கள், அல்லது ஃபெரிக் குளோரைடில் அரித்தெடுங்கள். அரிப்பதானால் புள்ளிகளை ஒரு மயிரிழை பெரிதாக வரைந்துகொள்ளுங்கள். மறைப்புப் பூச்சில் சின்னப் புள்ளி சரியாகத் திறக்காமல் போனால் அங்கே அரிப்பே ஏறாது.

கறுப்பு எனாமல் நிரப்பி ஒரு முழு நாள் காயவிட்ட பிறகே மேலே நிறமற்ற லாக்கர் இரண்டு பூச்சு அடியுங்கள். அவசரப்பட்டால் லாக்கரில் உள்ள தின்னர் கறுப்பைக் கரைத்து எழுத்தைச் சுற்றி இழுத்துவிடும். லாக்கர் அடிக்கும் வரை தகட்டைக் கையுறையோடுதான் எடுக்க வேண்டும். வியர்வை பட்ட விரல் ரேகை உள்ளேயே சிக்கிக் கறுத்துவிடும், பிறகு போகாது. மேல்மலையில் மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து போகும். லாக்கர் இல்லாத பித்தளை அங்கே சீக்கிரம் மங்கும்.

பீடம் தேக்கு, 320 × 110 × 25 மி.மீ., முன்னும் பின்னும் வார்னிஷ். பின்பக்கத்தை விட்டால் அந்தப் பக்கம் மட்டும் ஈரம் குடித்துப் பலகை வளையும். தகட்டை இருபக்க டேப்பில் ஒட்ட வேண்டாம், குளிரிலும் ஈரத்திலும் பிடி விடும். நான்கு மூலையிலும் 3 மி.மீ. துளை, பித்தளைத் திருகு நான்கு. இரும்புத் திருகு துருவேறி மரத்தில் கறை இறக்கும்.

பீடத்தின் பின்னால் ஒட்ட வேண்டிய சிறு சீட்டு இது:

“உலர்ந்த மென்துணியால் மட்டும் துடைக்கவும். புளி, சாம்பல், பித்தளை பாலிஷ் போட்டுத் தேய்க்க வேண்டாம். மேல்பூச்சு போய்த் திட்டுத்திட்டாகக் கறுக்கும்.”

விழா 24-4-2025, வியாழக்கிழமை. 21ஆம் தேதி மாலை வத்தலகுண்டில் எங்கள் ஆள் வாங்கிக்கொள்வார். தகட்டின் மேல் மெல்லிய தாள், அதன் மேல் பஞ்சு அட்டை வைத்துக் கட்டுங்கள். செய்தித்தாளை நேரடியாகச் சுற்றினால் மலைப்பாதை வளைவுகளில் உரசி மை ஒட்டிக்கொள்ளும்.