இரவு ஷிஃப்டிலிருந்து விலக்கும் வீட்டிலிருந்து வேலையும் கேட்டு மேலாளருக்குக் கடிதம்

மதிப்பிற்குரிய சார்,

வணக்கம். கடந்த சனிக்கிழமையோடு எனக்குக் கர்ப்பத்தின் 30 வாரம் முடிந்துவிட்டது. வரும் திங்கள் முதல் மகப்பேறு விடுப்பில் போகும்வரை என்னை இரவு ஷிஃப்டிலிருந்து எடுத்துவிட்டு, பகலில் வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதிக்கக் கேட்டுக்கொள்கிறேன். விடுப்பு 38-வது வாரத்தில் தொடங்குகிறது. ஆக, நான் கேட்பது ஏழெட்டு வாரம்தான்.

இதுவரை சமாளித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். போன செவ்வாய் இரவு 2:10-க்கு பேட்ச் ஜாப் நின்றுபோனது உங்களுக்கும் தெரியும். அதற்கான அழைப்பு முடிந்தபோது மணி ஐந்தேகால். மூன்று மணி நேரம் நாற்காலியை விட்டு எழவில்லை. எழுந்து பார்த்தால் கால் வீங்கி, செருப்பு நுழையவில்லை. வெறுங்காலோடுதான் கேப் வரை நடந்தேன். அதற்கு மேல் ஒன்றேகால் மணி நேரப் பயணம். பகலில் படுத்தாலும் நான்கு மணி நேரத்துக்கு மேல் தூக்கம் வருவதில்லை, இடுப்பு வலி எழுப்பிவிடுகிறது.

வியாழக்கிழமை பரிசோதனையில் ரத்த அழுத்தம் 134/86. முன்பெல்லாம் 110/70-ஐத் தாண்டியதில்லை. இன்னும் கொஞ்சம் ஏறினாலே மாத்திரை தொடங்க வேண்டியிருக்கும் என்றும், இரவு வேலையையும் நீண்ட பயணத்தையும் நிறுத்தும்படியும் டாக்டர் சொன்னார். தினமும் இரண்டு வேளை அழுத்தம் பார்த்துக் குறித்துவைக்கவும், குழந்தையின் அசைவைக் கவனிக்கவும் சொல்லியிருக்கிறார். அலர்ட் சத்தத்துக்கு நடுவே அசைவைக் கவனிப்பது நடக்கிற காரியமில்லை. அவர் கொடுத்த சான்றிதழை இணைத்துள்ளேன்.

வேலை என்ன ஆகும் என்பதுதான் உங்கள் முதல் கேள்வியாக இருக்கும். காலை 10 முதல் மாலை 7 வரை இருப்பேன். நிலுவை டிக்கெட்டுகள், ஒவ்வொரு இன்சிடென்ட்டுக்கும் மூலக் காரண அறிக்கை, ரிலீஸுக்கு முந்தைய சரிபார்ப்பு ஆகியவற்றை நான் பார்த்துக்கொள்கிறேன். அந்த பேட்ச் ஜாப் எங்கே நின்றாலும் அங்கிருந்தே மீண்டும் தொடங்கும்படி ஸ்கிரிப்ட் எழுதலாம் என்று ஆறு மாதமாகப் பேசிக்கொண்டே இருக்கிறோம். அதையும் இப்போது முடித்துவிடலாம். முடிந்தால் இரவில் இருப்பவர்களுக்குப் பாதித் தலைவலி தீரும். அலுவலக லேப்டாப்பும் வி.பி.என். அனுமதியும் ஏற்கெனவே உள்ளன. போன மாதம் காய்ச்சலில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை பார்த்தபோது ரிலீஸ் தடையில்லாமல் போனது.

என் இரவுகள் மற்ற மூவர் தலையில் விழும், அது எனக்கும் சங்கடம்தான். அவர்களிடம் பேசிவிட்டேன். வாரத்துக்கு ஓர் இரவு கூடுதலாக எடுத்துக்கொள்ள மூவரும் சரி என்றார்கள். அப்புறம், எங்களில் யாருக்கும் புரியாத அந்தப் பழைய ரன்புக்கைத் திருத்தி எழுதி, முதல் வாரத்திலேயே அவர்களிடம் கொடுத்துவிடுகிறேன்.

முழுநேர வீட்டு வேலைக்கு மனிதவளத் துறையின் ஒப்புதல் தேவைப்பட்டால், தயவுசெய்து இதை அவர்களுக்கு அனுப்பிவையுங்கள். அது வரத் தாமதமானாலும் இரவு ஷிஃப்டை மட்டுமாவது உடனே மாற்றிவிடுங்கள். அடுத்த மாத ரோஸ்டர் வெள்ளிக்கிழமை போடுகிறார்கள், வியாழனுக்குள் உங்கள் பதில் கிடைத்தால் நல்லது.

நன்றி.

இப்படிக்கு,
சுதா
ப்ரொடக்‌ஷன் சப்போர்ட் குழு

இணைப்பு: மருத்துவச் சான்றிதழ்