பேர் சொல்லும் படம் எடுக்க: சுசீந்திரம் – தேரூர் குளக்கரை நடை (பிப்ரவரி 7, 8)

வணக்கம். பேர் கொடுத்த 14 பேருக்கும் இதுதான் திட்டம். போன முறை வந்தவர்கள் அழகான படங்கள் நிறையக் கொண்டுவந்தார்கள். அஸ்தமன வெளிச்சத்தில் கொக்கு, பனித்துளியோடு தட்டான். பார்க்க நன்றாக இருந்தது, ஆனால் பாதிக்கு மேல் என்ன கொக்கு, என்ன தட்டான் என்று கடைசிவரை சொல்ல முடியவில்லை. இந்த முறை அழகைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிடுங்கள். படத்தைப் பார்க்கிற இன்னொருவர் சந்தேகமில்லாமல் பேர் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை.

சனிக்கிழமை, சுசீந்திரம் குளம் (பறவைகள்)

காலை 6.15க்குக் குளத்தை ஒட்டிய சாலையோரம் கூடுவோம். மார்த்தாண்டம், களியக்காவிளை, பாறசாலைப் பக்கமிருந்து வருகிறவர்கள் முந்தின இரவே நாகர்கோவிலில் தங்கிவிட்டால் நிம்மதி. அங்கிருந்து டவுன் பஸ்ஸில் வந்துவிடலாம். நெடுஞ்சாலை ஓரமாகவே நிற்போம், வண்டிகள் வேகமாகப் போகும். கேமராவில் கண் வைத்தபடி பின்னால் நகராதீர்கள்.

சூரியன் வருவதற்கே ஆறே முக்கால் ஆகும். அதுவரை கேமராவைத் தொட வேண்டாம், சும்மா பாருங்கள். தாமரை இலைகளுக்கு நடுவே என்ன நடமாடுகிறது, பட்ட மரத்தில் யார் சிறகை விரித்துக் காய்கிறார்கள் என்று கண் பழகட்டும். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022இல் சேர்ந்த இடம் இது. தேரூரும் அதில் அடக்கம். ஆனால் இங்கே பார்க்கிறவற்றில் முக்கால்வாசி தினம் பார்க்கிற பறவைகள்தான். அதுவும் நல்லதுதான், அவற்றை வைத்துத்தான் கை பழகும்.

வெளிச்சம் வந்ததும் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நில்லுங்கள். எதிர்வெயிலில் எடுத்தால் எல்லாமே கறுப்புப் பறவைதான்.

முதல் பாடம் வெள்ளைக் கொக்கு. ஒரே குளத்தில் நாலு வகை நிற்கும், தூரத்தில் நாலும் ஒன்றுபோல இருக்கும். சின்னக் கொக்குக்கு அலகும் காலும் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள். தண்ணீருக்குள் நின்றால் பாதம் தெரியாது. அது காலைத் தூக்கும்வரை, இல்லை பறக்கும்வரை காத்திருங்கள். உண்ணிக்கொக்கு குட்டையான கழுத்தும் மஞ்சள் அலகுமாகப் பெரும்பாலும் வயலில் இருக்கும். நடுத்தரக் கொக்குக்கும் பெரிய கொக்குக்கும்தான் எப்போதும் தகராறு. அதற்கு முகத்தைப் பக்கவாட்டில் எடுங்கள். வாய் பிளக்கும் கோடு கண்ணுக்கு நேர் கீழே நின்றுவிட்டால் நடுத்தரம், கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் பெரியது. அந்த ஒரு கோடு தெளிவாக விழுந்தால் போதும், மற்றதெல்லாம் மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை.

வெள்ளைப் பறவை வெயிலில் வெளிறிப்போகும். எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப் அளவுக்குக் குறையுங்கள். போன் வைத்திருப்பவர்கள் திரையில் பறவையைத் தொட்டு வெளிச்சத்தைக் கீழே இழுங்கள். ஷட்டர் வேகம் உட்கார்ந்திருக்கும் பறவைக்கு 1/500, பறப்பதற்கு 1/1000க்கு மேல். போனில் ஜூமை இழுத்துப் படத்தைக் கெடுக்காதீர்கள். நான் கொண்டுவரும் பைனாகுலரின் கண்ணாடியில் போனை ஒட்டிவைத்து எடுத்துப் பாருங்கள். முதல் பத்து படம் கறுப்பு வட்டமாக வரும், அப்புறம் கை பழகிவிடும்.

நீர்க்காகங்களில் அலகை எடுங்கள்: கட்டையாக, நெற்றி செங்குத்தாக இருந்தால் சின்ன நீர்க்காகம். அலகு நீண்டு மெலிந்து நுனி வளைந்திருந்தால், கூடவே கண் பச்சை நீலமாக மின்னினால், இந்திய நீர்க்காகம். பாம்புத்தாராவுக்கு ஈட்டிபோல நேரான அலகு, குழப்பமே வராது. நீலத் தாழைக்கோழியைப் பாறசாலைக்காரர்கள் நீலக்கோழி என்பார்கள், இரண்டும் ஒன்றுதான், சண்டை வேண்டாம். நீண்டவால் இலைக்கோழியின் அந்த நீளவாலைத் தேடி ஏமாறாதீர்கள், இந்த மாதத்தில் அது இராது. வெள்ளை வயிறும் மார்பில் கறுப்பு மாலையும் தெரிந்தால் அதுதான்.

ஒன்பது மணிக்கு வெயில் ஏறிவிடும். டீ, பழம்பொரி, வீடு.

சனி இரவு வீட்டில்

கேமராவின் தேதியையும் நேரத்தையும் போனோடு ஒத்துப் பாருங்கள். நான் ஒருமுறை 300 படம் எடுத்துவிட்டு வந்து பார்த்தால் எல்லாம் 2015இல் எடுத்ததாக இருந்தது. பேட்டரி கழற்றி மாட்டியபோது தேதி பின்னால் ஓடிவிட்டிருக்கிறது. எந்த நாள், எந்த இடம் என்று தெரியாத படம் பதிவுக்கு உதவாது. போனில் இருப்பிடம் பதியும் வசதியை இயக்கி வையுங்கள்.

ஞாயிறு, தேரூர் குளம் (பூச்சிகள்)

இன்று சீக்கிரம் வர வேண்டாம், 7.30 போதும். உடம்பு சூடாகாமல் பட்டாம்பூச்சியும் பறக்காது. கும்பப்பூ நெல் முற்றி நிற்கும் சமயம், வரப்பில் இறங்குவதற்கு முன் வயலில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

தட்டானுக்கு மூன்று படம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்: மேலிருந்து சிறகு, பக்கத்திலிருந்து மார்பு, வால் நுனி. கரையோரத்தில் சிவப்பாக இரண்டு பார்ப்பீர்கள். ஒன்றுக்குச் சிறகில் பாதிக்குமேல் ஆரஞ்சு பூசியிருக்கும். சாக்கடைத் தண்ணீரிலும் பிழைக்கும் தட்டான் அது, ஆங்கிலத்தில் டிச் ஜூவல். இன்னொன்று உடம்பெல்லாம் மிளகாய்ச் சிவப்பு, ஆனால் சிறகு கண்ணாடிபோல இருக்கும், அடியில் மட்டும் லேசான மஞ்சள். அது ரட்டி மார்ஷ் ஸ்கிம்மர். ஆண்களை வைத்துச் சொல்கிறேன், பெண்கள் பழுப்பு, அவை அடுத்த முறைக்கு. பறந்து போனால் துரத்தாதீர்கள். தட்டான் அதே குச்சிக்குத் திரும்பி வரும். குச்சியில் ஃபோகஸ் வைத்து உட்கார்ந்திருங்கள், உங்கள் நிழல் மட்டும் அதன்மேல் விழக்கூடாது. சிறகை மூடி உட்காரும் ஊசித்தட்டானுக்கு இன்னும் தாழ்வாக, வயிற்றில் படுத்தாலும் தப்பில்லை.

பட்டாம்பூச்சிக்குச் சிறகின் மேற்புறம், அடிப்புறம் இரண்டும் வேண்டும். எருக்கஞ்செடிப் பக்கம் வெந்தய வரியன் இருக்கும். ஆரஞ்சு நிறம், கறுப்பு ஓரம். அதே வேஷத்தில் வேறொரு பட்டாம்பூச்சியின் பெண்ணும் சுற்றும். பின்சிறகின் நடுவே மூன்று நான்கு கறுப்புப் புள்ளி இருந்தால் வரியன், நடுவே புள்ளி இல்லையென்றால் வேஷக்காரி. பின்சிறகு படத்தில் விழவில்லையென்றால் நானும் பேர் சொல்ல மாட்டேன்.

பூச்சியைக் கையால் பிடிப்பது, பறவைக் குரலை போனில் ஒலிக்கவிட்டு வரவழைப்பது, கூட்டுக்குப் பக்கத்தில் போவது, டிரோன் எதுவும் வேண்டாம்.

10.30க்கு மர நிழலில் உட்கார்ந்து ஆளுக்கு ஐந்து பறவை, ஐந்து பூச்சி தேர்ந்தெடுத்து, உயிரினங்களைப் படத்தோடு பதியும் iNaturalist தளத்தில் ஏற்றுவோம். ஒரே உயிரின் மூன்று படத்தையும் ஒரே பதிவில் சேர்க்க வேண்டும். எனக்கு வாட்ஸாப்பில் அனுப்புவதானால் டாக்குமெண்டாக அனுப்புங்கள், சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி இடம், நேரம் எல்லாம் போய்விடும்.

தொப்பி, தண்ணீர், மங்கலான நிறச் சட்டை. குளக்கரையில் வழுக்கும், செருப்புக்குப் பதில் ஷூ போட்டு வாருங்கள்.