புலமைப்பரிசில் நிதி: முன்னுரிமைப் பங்கு முதலீட்டுக் கணக்கு, 2024 ஏப்ரல் 1 முதல் 2025 மார்ச் 31 வரை

கோண்டாவில் சனசமூக நிலைய உறுப்பினர்களின் பொதுக்கூட்டத்திற்கு

எங்கள் நிதியின் யாப்பில் ஒரு விதி உண்டு: முதலை யாரும் தொடக்கூடாது, அதிலிருந்து வரும் வட்டியை மட்டுமே உயர்தரப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். பங்கை விற்று வரும் இலாபமும் முதலோடுதான் சேர வேண்டும். ஆகவே கீழே உள்ள கணக்கில் வட்டிக்கு ஒரு நிரல், முதலுக்கு ஒரு நிரல் என்று பிரித்திருக்கிறேன். இரண்டையும் கலந்துவிட்டால் பிள்ளைகளுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்ற கேள்விக்கு இந்தக் கணக்கால் பதில் சொல்ல முடியாது.

எங்களிடம் இருப்பவை ஒரே கம்பனியின் முன்னுரிமைப் பங்குகள். ஒரு பங்குக்கு வருடம் 12 ரூபா. அதை செப்டெம்பர் 30, மார்ச் 31 என்று இரண்டு தவணையாக, தவணைக்கு 6 ரூபாப்படி தருகிறார்கள். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிச் சட்டத்துக்குப் பிறகு இங்கே பங்குகளுக்கு முகப்பெறுமதி கிடையாது. அதனால் "இத்தனை சதவீதம்" என்று எழுதாமல் ரூபாயிலேயே கணக்கிடுகிறேன். சட்டப்படி இது பங்கிலாபம். ஆனால் தொகை நிலையானது, மாதத்துக்கு ஒரு ரூபாவாகச் சேர்ந்துகொண்டு வருவது. ஆகவே நிதியின் ஏடுகளில் எப்போதும்போல வட்டி என்றே பதிந்துள்ளேன்.

வாங்கியதும் விற்றதும் எல்லாம் வட்டியுடன் கூடிய விலைக்கு. தரகரின் பில்லில் உள்ள விலைக்குள் கடைசித் தவணைக்குப் பிறகு சேர்ந்த வட்டியும் அடங்கியிருக்கிறது. அதை முழு மாதக் கணக்கில் பிரித்தேன். தரகு, பங்குச் சந்தைக் கட்டணம், பரிமாற்ற வரி எல்லாம் சேர்ந்து 1.12 சதவீதம். வாங்கும்போது அது கிரயத்தோடு கூடும், விற்கும்போது விற்பனைத் தொகையில் கழியும்.

முதலீட்டுக் கணக்கு: வரவு

| திகதி | விபரம் | பங்கு | வட்டி ரூ. | முதல் ரூ. |
|---|---|---|---|---|
| 2024.04.01 | மீதி கீ/கொ/வ | 2,000 | – | 195,240 |
| 2024.07.01 | வங்கி (கொள்வனவு) | 1,000 | 3,000 | 110,760 |
| 2024.08.30 | விற்பனை இலாபம் | – | – | 8,300 |
| 2024.10.01 | போனஸ் பங்குகள் | 500 | – | – |
| 2025.01.31 | விற்பனை இலாபம் | – | – | 9,880 |
| 2025.03.31 | வட்டி வருமானத்துக்கு மாற்றம் | – | 30,000 | – |
| | மொத்தம் | 3,500 | 33,000 | 324,180 |

முதலீட்டுக் கணக்கு: செலவு

| திகதி | விபரம் | பங்கு | வட்டி ரூ. | முதல் ரூ. |
|---|---|---|---|---|
| 2024.08.30 | வங்கி (விற்பனை) | 500 | 2,500 | 59,300 |
| 2024.09.30 | வங்கி (அரையாண்டு வட்டி) | – | 15,000 | – |
| 2025.01.31 | வங்கி (விற்பனை) | 1,000 | 4,000 | 94,880 |
| 2025.02.28 | வங்கி (விற்பனை) | 500 | 2,500 | 40,760 |
| 2025.02.28 | விற்பனை நட்டம் | – | – | 1,740 |
| 2025.03.31 | வருமதி வட்டி | – | 9,000 | – |
| 2025.03.31 | மீதி கீ/கொ/செ | 1,500 | – | 127,500 |
| | மொத்தம் | 3,500 | 33,000 | 324,180 |

கொள்வனவு

ஜூலை 1இல் 1,000 பங்குகளை 112.50 ரூபாப்படி வாங்கினோம்: 112,500 ரூபா. ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாத வட்டி 3,000 ரூபா அந்த விலைக்குள் இருந்தது. அது விற்றவருக்குச் சேரவேண்டியது. நாங்கள் முன்கூட்டிக் கொடுத்து, செப்டெம்பரில் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம். எனவே அது பங்கின் கிரயம் ஆகாது. மிச்சம் 109,500, கட்டணம் 1,260, ஆகமொத்தக் கிரயம் 110,760. பழைய 2,000 பங்குகளோடு சேர்த்தால் 3,000 பங்குகளுக்கு 306,000 ரூபா. சராசரி 102.

ஓகஸ்ட் 30 விற்பனை

500 பங்குகள், 125 ரூபாப்படி 62,500. கட்டணம் 700, ஐந்து மாத வட்டி 2,500 இரண்டையும் கழித்தால் 59,300. கிரயம் 500 × 102 = 51,000. இலாபம் 8,300.

போனஸ் பங்குகள்

இதில்தான் உறுப்பினர்கள் சிலர் கேள்வி எழுப்பியிருந்தீர்கள், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஒக்டோபர் 1இல் கம்பனி ஐந்துக்கு ஒன்று என்று போனஸ் கொடுத்தது. கையில் இருந்த 2,500 பங்குகளுக்கு 500 கிடைத்தன. "இலவசமாக வந்ததுதானே, இலாபமாகப் போடலாமே" என்று கேட்டீர்கள். போட முடியாது. கம்பனி தன் ஒதுக்கத்தை மூலதனமாக மாற்றியதே தவிர, எங்கள் வங்கிக் கணக்கில் ஒரு சதமும் வந்து விழவில்லை. ஒரே தேங்காயை ஐந்து துண்டாக வெட்டாமல் ஆறாக வெட்டியது போலத்தான். ஆகவே பங்கு நிரலில் 500 ஏறுகிறது, முதல் நிரலில் ஒன்றும் ஏறாது. 255,000 ரூபா கிரயம் இப்போது 3,000 பங்குகள்மேல் பரவுகிறது. சராசரி 102இலிருந்து 85 ஆகிறது.

போனஸை 102 ரூபாப்படி வருமானமாகப் பதிந்திருந்தால், இல்லாத 51,000 ரூபாவைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்க நின்றிருப்போம். போனஸ் பங்குகளுக்கும் ஒக்டோபர் 1 முதல் வட்டி உண்டு.

ஜனவரி 31 விற்பனை

1,000 பங்குகள், 100 ரூபாப்படி 100,000. கட்டணம் 1,120, நான்கு மாத வட்டி 4,000. மிச்சம் 94,880. கிரயம் 85,000. இலாபம் 9,880. பழைய 102ஐ மாற்றாமல் வைத்திருந்தால் இதே விற்பனை 7,120 ரூபா நட்டமாகத் தெரிந்திருக்கும்.

பெப்ரவரி 28 விற்பனை

500 பங்குகள், 87.50 ரூபாப்படி 43,750. கிரயம் 85, பார்த்தவுடன் பங்குக்கு இரண்டரை ரூபா இலாபம்போல இருக்கிறது. கட்டணம் 490 போக வங்கிக்கு வந்ததும் 43,260 ரூபா, அதுவும் கிரயமான 42,500ஐவிடக் கூடத்தான். ஆனால் அதற்குள் ஐந்து மாத வட்டி 2,500 இருக்கிறது. அதை எடுத்தால் 40,760. நட்டம் 1,740. இதை மறைக்கக்கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். அந்த 2,500 ரூபா பிள்ளைகளுக்குரிய பணம். முதல் தொகையில் விழுந்த ஓட்டையை அதை வைத்து அடைப்பது சரியல்ல.

மூன்று விற்பனையும் சேர்ந்து 16,440 ரூபா இலாபம். அது முழுவதும் மூலதன நிதிக்குப் போகிறது. விற்ற பணம் நிலையான வைப்பில் இருக்கிறது.

வட்டியைச் சரிபார்த்தல்

பங்குக்கு மாதம் ஒரு ரூபா என்பதால் இது இலகு. ஏப்ரல் முதல் ஜூன் வரை 2,000 பங்குகளுக்கு 6,000; ஜூலை, ஓகஸ்ட் 3,000 பங்குகளுக்கு 6,000; செப்டெம்பர் 2,500; ஒக்டோபர் முதல் ஜனவரி வரை 12,000; பெப்ரவரி 2,000; மார்ச் 1,500. கூட்டினால் 30,000. கணக்கிலும் அதுதான்.

மார்ச் தவணை 9,000 ஏப்ரல் முதல் வாரத்தில் வங்கிக்கு வந்தது, ஆகவே வருமதியாகக் காட்டியிருக்கிறேன். கம்பனியிடமிருந்து நேரே வந்த இரண்டு தவணைகளிலும் (24,000) 15 சதவீத முற்பண வருமான வரி, 3,600 ரூபா, கழிக்கப்பட்டது. அது தனிக் கணக்கில் இருக்கிறது. இங்கே வரிக்கு முந்திய தொகையையே காட்டினேன். ஆகவே இந்தப் பங்குகளிலிருந்து இந்த வருடம் புலமைப்பரிசிலுக்குக் கொடுக்கக்கூடியது 26,400 ரூபா.

மீதமுள்ள 1,500 பங்குகள் 85 ரூபாக் கிரயத்திலேயே நிற்கின்றன. மார்ச் 28இல் சந்தை விலை 94, அதில் 6 வட்டி. வட்டி நீங்கலாக 88. கிரயத்தைவிடக் கூட என்பதால் பெறுமதியைக் குறைக்கத் தேவையில்லை. தரகர் பில்களும் வங்கிக் கூற்றுகளும் நிலைய அலுமாரியில் இருக்கின்றன. யாரும் வந்து பார்க்கலாம்.

பொருளாளர்
கோண்டாவில், 2025.04.20